கணக்கைக் காட்டிக் கேட்பது: தாமதக் கட்டண நோட்டீஸ், அன்றும் இன்றும்

அப்பா இறந்த பிறகு ரெட்டியார்பாளையத்து வீட்டில் அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது, ரேஷன் கார்டுக்கும் மில் சம்பளச் சீட்டுகளுக்கும் நடுவில் ஒரு நோட்டீஸ் கிடைத்தது. 1986இல் வந்தது. அம்மாவுக்காகத் தவணையில் வாங்கிய தையல் மெஷினுக்கு இரண்டு மாதத் தவணை நின்றுபோனபோது, விற்ற நிறுவனம் பதிவுத் தபாலில் அனுப்பியது. டைப் அடித்த கார்பன் நகல். உள்ளே நான்கே வரி. பாக்கியும் அபராதமும் சேர்த்து ரூ. 347.50 வர வேண்டியுள்ளது. ஏழு நாட்களுக்குள் கட்ட வேண்டும். தவறும் பட்சத்தில் மெஷினைக் கைப்பற்றுவதோடு கோர்ட் செலவுக்கும் தாங்களே பொறுப்பு.

அப்பா அதை எடுத்துக்கொண்டு எங்கள் தெருவில் மனு எழுதுகிற ஒருவரிடம் போனார். என்னையும் கூட்டிப் போனதால் நினைவிருக்கிறது. அப்பா கேட்டது ஒரே கேள்விதான்: "இதுல பாக்கி எவ்வளவு, அபராதம் எவ்வளவுங்க?" அவர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அது அவங்களுக்குத்தான் தெரியும்" என்றார். அப்பா மில்லில் முன்பணம் வாங்கி அப்படியே கட்டிவிட்டார். சரியான தொகையைக் கட்டினோமா என்பது கடைசிவரை அவருக்குத் தெரியாது.

இருபத்தைந்து ஆண்டுகளாக நான் உழவர்கரைப் பக்கத்துச் சிறு பட்டறைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளில் உள்ளவர்களுக்கு வர வேண்டிய பணத்தைக் கேட்டு நோட்டீஸ் தயாரிப்பதும் என் வேலையில் ஒன்று. அப்பா கேட்ட அந்தக் கேள்விக்கு நோட்டீஸே பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் நான் கற்றுக்கொண்டது. 'தயவுசெய்து' என்ற சொல்லைச் சேர்த்துவிட்டால் மரியாதை வந்துவிடாது. வாங்குகிறவர் ஒரு பேனாவும் காகிதமும் எடுத்து அந்தத் தொகையைத் தானே போட்டுப் பார்க்க முடிந்தால், அதுதான் அவருக்குக் காட்டும் மரியாதை.

பிரெஞ்சுக்காரர் காலத்தில்

உழவர்கரை 1880இல் பிரெஞ்சு ஆட்சியில் கொம்யூன் ஆனது. அதற்கு முன்பே, 1819இல், பிரெஞ்சு சிவில் சட்டத் தொகுப்பு புதுச்சேரியில் அமலுக்கு வந்துவிட்டது. திருமணம், வாரிசு போன்ற குடும்ப விஷயங்களில் அவரவர் வழக்கம் தொடரலாம் என்று விட்டார்கள். கொடுக்கல் வாங்கலுக்கு அந்தச் சட்டம்தான் பேசியது.

அதில் தாமதத்தைப் பற்றிய கட்டுகள் இன்று படித்தாலும் தெளிவாக இருக்கின்றன. 1139ஆவது பிரிவின்படி, கெடு தாண்டிவிட்டது என்பதால் மட்டும் ஒருவர் தவணை தவறியவர் ஆகிவிட மாட்டார். கடன் கொடுத்தவர் முறைப்படி எழுத்தில் கேட்க வேண்டும். அல்லது கெடு தாண்டினாலே போதும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும். எழுத்தில் கேட்கும் அந்தக் காகிதத்துக்கு 'சொம்மாசியோன்' என்று பெயர். உய்சியே எனப்படும் நீதிமன்ற அலுவலர் அதைக் கொண்டுவந்து கொடுப்பார். தனியாக எதுவும் பேசிக்கொள்ளாத பணக் கடனில், தாமதத்துக்கான ஈடு சட்டம் குறித்த வட்டி மட்டும்தான். அதுவும் கேட்ட நாளிலிருந்துதான் ஓடும் என்றது 1153ஆவது பிரிவு. வட்டி ஒரு முழு ஆண்டாவது நிலுவையில் இருந்தால் ஒழிய வட்டிக்கு வட்டி கேட்க முடியாது என்றது 1154.

ஆகவே அந்தக் காகிதம் வெறும் மிரட்டலாக இருக்க முடியாது. எந்தக் கடன், எந்த நாளிலிருந்து வட்டி என்று அது சொல்லியாக வேண்டும். கேட்ட தேதியே கணக்கின் தொடக்கம். பிரெஞ்சு படிக்கத் தெரியாத விவசாயிக்கு அந்தக் காகிதம் எவ்வளவு புரிந்திருக்கும் என்பது வேறு விஷயம். மொழி அந்நியமாக இருந்தாலும், எப்போதிலிருந்து, எதற்காக என்ற இரண்டும் சட்டத்திலேயே கட்டிவைக்கப்பட்டிருந்தன.

1954 நவம்பர் 1ஆம் தேதி புதுச்சேரி இந்திய நிர்வாகத்துக்குக் கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியும் சேர்ந்தது. அந்தப் பத்தாண்டில் இந்தியச் சட்டங்கள் ஒவ்வொன்றாக இங்கே நீட்டிக்கப்பட்டன. பழைய சிந்தனையின் ஓர் இழை இந்தியச் சட்டத்திலும் இருக்கிறது. எந்தத் தேதியில் பணம் தர வேண்டும் என்று எழுத்தில் இல்லாத கடனுக்கு, 1978ஆம் ஆண்டு வட்டிச் சட்டத்தின் 3ஆவது பிரிவின்படி, 'வட்டி கேட்கப்படும்' என்று எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, அதில் குறித்த தேதியிலிருந்துதான் கோர்ட் வட்டி தரலாம். வாய்ச்சொல்லில் சரக்கு கொடுத்து வாங்குகிற பட்டறைக்காரர்களுக்கு இது முக்கியம். நோட்டீஸில் வட்டி என்ற சொல்லே இல்லாமல் 'பாக்கியை உடனே தரவும்' என்று மட்டும் எழுதினால், வழக்குக்கு முந்திய காலத்துக்கான வட்டியை அவர்களே விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடலாம்.

நான்கு வரி நோட்டீஸ்

சட்டம் இப்படி இருந்தாலும், எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் உழவர்கரை வீடுகளுக்கு வந்த நோட்டீஸ்கள் அப்பாவுக்கு வந்ததைப் போலத்தான் இருந்தன. 'இதன் மூலம் தங்களுக்குத் தெரிவிப்பது என்னவென்றால்' என்று தொடங்கும். நடுவில் ஒரே ஒரு மொத்தத் தொகை. கடைசியில் நடவடிக்கை.

அந்த நடையில் மூன்று பழுதுகள் இருந்தன. முதலாவது, எந்த ஒப்பந்தத்தின் எந்த வரி இந்தப் பணத்தைக் கேட்க உரிமை தருகிறது என்று சொல்லாதது. இரண்டாவது, வீதமும் நாட்களும் இல்லாதது. நம் பேச்சு வழக்கில் 'ரெண்டு வட்டி' என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய், அதாவது ஆண்டுக்கு 24 சதவீதம். 'ஒன்றரை வட்டி' என்றால் 18 சதவீதம். பத்திரத்திலோ ஆண்டு வீதம் எழுதுவார்கள். மாதமா ஆண்டா என்று சொல்லாமல் '2 சதவீதம்' என்று மட்டும் எழுதினால், கொடுப்பவர் மனதில் ஒன்றும் வாங்குபவர் மனதில் ஒன்றுமாக, ஒன்றுக்குப் பன்னிரண்டு மடங்கு வித்தியாசம் வந்துவிடும்.

மூன்றாவது பழுது 'அபராதம்' என்ற சொல். எழுதுகிறவர் தன் வலுவைக் காட்டுவதாக நினைத்து அதைப் போடுகிறார். உண்மையில் அது அவரையே பலவீனமாக்கும். இந்திய ஒப்பந்தச் சட்டம் 74ஆவது பிரிவு, ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று முன்கூட்டியே ஒரு தொகை எழுதியிருந்தாலும், அந்தத் தொகைக்கு மேற்படாமல் நியாயமான ஈடு மட்டுமே கிடைக்கும் என்கிறது. தவறிய நாளிலிருந்து வட்டி வீதத்தை உயர்த்துகிற நிபந்தனைகூடத் தண்டனையாகக் கருதப்படலாம் என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. கேட்பவரே அதை அபராதம் என்று அழைத்தால், இது தண்டனைதான் என்று எதிர்த் தரப்பு வாதிட வழி திறந்து கொடுத்ததாகிறது. ஒப்பந்தத்தில் என்ன பெயர் இருக்கிறதோ அதே பெயரை நோட்டீஸிலும் எழுதுவதுதான் பாதுகாப்பு, நேர்மையும்கூட.

பெயர் இவ்வளவு முக்கியமா என்று கேட்பவர்கள் 2023 ஆகஸ்ட் 18ஆம் தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையைப் பார்க்க வேண்டும். அதுவரை பல வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தவணை தவறினால் கடன் வட்டியின் மேல் 'தண்ட வட்டி' ஏற்றிவந்தன; அது அசலோடு சேர்ந்து, அதற்கும் வட்டி ஓடியது. இனி அது வட்டியாக இருக்கக் கூடாது, தனிக் கட்டணமாகத்தான் இருக்க வேண்டும், அதை அசலில் சேர்த்து மேலும் வட்டி போடக் கூடாது என்றது சுற்றறிக்கை. எவ்வளவு, எந்தக் காரணத்துக்கு என்பதைக் கடன் ஒப்பந்தத்திலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும். தவறியதை நினைவூட்டிக் கடிதம் அனுப்பும்போதெல்லாம் அதற்குரிய கட்டணத்தையும் தெரிவிக்க வேண்டும். கட்டணம் விதித்தால், காரணத்தோடு சொல்ல வேண்டும். புதிய கடன்களுக்கு 2024 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறைக்கு வந்தது. தவணைக்கு மெஷின் விற்கிற கடைக்கோ லேத் பட்டறைக்கோ இந்தச் சுற்றறிக்கை பொருந்தாது. ஆனால் நல்ல நோட்டீஸ் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நாட்டிலேயே பெரிய அளவில் எழுதப்பட்ட இலக்கணம் இதுதான் என்று நான் கருதுகிறேன்.

ஒரு பட்டறை நோட்டீஸ்

2024 செப்டம்பர் தொடக்கத்தில் தட்டாஞ்சாவடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் என்னிடம் வந்தார். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு தொழிற்சாலைக்கு புஷ் கடைந்து கொடுத்திருந்தார். பில் தொகை வரி உட்பட ரூ. 73,000. பாதியைக் கொடுத்துவிட்டு மீதியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கோபத்தில் தானே ஒரு நோட்டீஸ் எழுதி வந்திருந்தார்.

"எங்களுக்குச் சேர வேண்டிய பாக்கி மற்றும் தாமத அபராதம் மொத்தம் ரூ. 40,880ஐ உடனே செலுத்தவும். பலமுறை கேட்டும் தாங்கள் அலட்சியம் செய்வது வருந்தத்தக்கது. தவறினால் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்."

"அண்ணே, இதுல ஒரு சீல் மட்டும் அடிச்சு அனுப்பிடலாம் இல்ல?" என்றார்.

"அனுப்பலாம் தம்பி. அங்க கணக்குப் பார்க்கிறவங்க நாப்பதாயிரத்து எண்ணூத்து எண்பது எப்படி வந்துச்சுன்னு போன் பண்ணிக் கேட்டா என்ன சொல்லுவீங்க?"

அவர் தன் போனில் போட்ட கணக்கைக் காட்டினார். பாக்கி 36,500. அபராதம் 4,380. ரெண்டு வட்டி, மூன்று மாதம், 73,000க்கு. நான் அவரிடம் ஒப்பந்தக் காகிதத்தைக் கேட்டேன். பில்லை நீட்டினார். பில்லின் அடியில் 'கெடு தாண்டினால் 24% வட்டி' என்று சிறு எழுத்தில் அச்சாகியிருந்தது. அச்சகத்தில் கொடுத்த மாதிரியிலேயே அது இருந்ததாம். இது ஒப்பந்தம் அல்ல. சரக்கு போன பிறகு ஒரு தரப்பு மட்டும் நீட்டிய காகிதம். வாங்கியவர் ஒப்புக்கொண்டார் என்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. தேடச் சொன்னேன். மறுநாள் இரு தரப்பும் கையெழுத்திட்ட ஆர்டர் காகிதத்தைக் கொண்டுவந்தார். அதன் 7ஆவது நிபந்தனை இப்படி இருந்தது: பில் தேதியிலிருந்து 30 நாட்களுக்குள் பணம் தர வேண்டும், தாமதமானால் நிலுவையில் உள்ள தொகைக்கு ஆண்டுக்கு 18 சதவீதத் தனிவட்டி வீதத்தில், 365 நாள் கணக்கில், தாமதக் கட்டணம், அதற்கு உரிய வரி தனி.

நோட்டீஸைத் திருத்துவது என்றால் சொற்களை மென்மையாக்குவது என்று பலர் நினைக்கிறார்கள். முதல் வேலை இதுதான்: கையெழுத்தான காகிதத்தைக் கண்டுபிடித்து, அந்த ஒரு நிபந்தனையைச் சொல் மாறாமல் எழுதி வைத்துக்கொள்வது. அந்த வரி இல்லை என்றால் ஒப்பந்தத்தின் பெயரில் தாமதக் கட்டணம் கேட்கவே முடியாது. வட்டிச் சட்டத்தையோ வேறு சட்டத்தையோ தான் நாட வேண்டும்.

வரி கையில் வந்த பிறகு அவருடைய 4,380ஐ ஒவ்வொரு பழுதாகக் கழித்துப் பார்த்தோம். வீதம் 24 அல்ல, 18. அதனால் மூன்று மாதத்துக்கு 3,285 ஆனது. அடுத்து, மூன்று மாதம் என்பதே தப்பு. ஜூலையில் 28 நாள், ஆகஸ்ட், செப்டம்பரில் ஒரு நாள் என்று மூன்று மாதப் பெயர்களை அவர் எண்ணியிருந்தார். பில் தேதி ஜூன் 3. முப்பது நாள் முடிவது ஜூலை 3. ஜூலை 4 முதல் செப்டம்பர் 1 வரை சரியாக 60 நாட்கள். நாள் கணக்கில் 2,160. கடைசியாக, ஆகஸ்ட் 2இல் தொழிற்சாலை ரூ. 36,500 அனுப்பியிருக்கிறது. அதற்குப் பிறகும் முழு 73,000க்கே கட்டணம் போடுவது நிபந்தனைக்கே விரோதம். 'நிலுவையில் உள்ள தொகைக்கு' என்றுதான் அது சொல்கிறது. அதையும் கழித்தால் 1,620.

நாலாயிரத்து முன்னூற்று எண்பது, ஆயிரத்து அறுநூற்று இருபது ஆனது. தம்பி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நான் ஏமாத்தணும்னு போடலண்ணே" என்றார். எனக்கும் தெரியும். தாமதத்தால் பாதிக்கப்பட்டவர் கோபத்தில் போடும் கணக்கு எப்போதும் தன் பக்கமே சாயும். ஒவ்வொரு படியையும் காகிதத்தில் எழுதச் சொல்வது அதனால்தான்.

இங்கே ஒரு நுட்பம். பாதிப் பணம் வந்தால் அதை முதலில் தாமதக் கட்டணத்தில் கழிப்பதா, பில் தொகையில் கழிப்பதா? பணம் தருகிறவர் எந்தக் கடனுக்கு என்று சொல்லிக் கொடுத்தால் அதற்கே வரவு வைக்க வேண்டும் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 59ஆவது பிரிவு. அந்த வங்கிப் பரிமாற்றக் குறிப்பில் பில் எண் இருந்தது. அந்தத் தேதியில் தாமதக் கட்டணம் என்று ஒன்றை யாரும் கேட்டிருக்கவும் இல்லை. அதனால் முழுவதையும் பில் தொகையில் வரவு வைத்தோம். எப்படி வரவு வைத்தோம் என்பதை நோட்டீஸில் சொல்லிவிட்டால் பிற்பாடு தகராறு இல்லை. 2024 லீப் ஆண்டு என்பதையும் பார்த்தோம். 366ஆல் வகுத்தால் நாளுக்குப் பத்து பைசா குறையும். ஒப்பந்தம் 365 என்று சொல்வதால் 365.

தாமதக் கட்டணத்துக்கும் ஜிஎஸ்டி உண்டு. சரக்கின் விலையைத் தாமதமாகக் கொடுத்ததற்காக வாங்கும் வட்டியோ கட்டணமோ அந்தச் சரக்கின் மதிப்பிலேயே சேரும் என்பது ஜிஎஸ்டி சட்டத்தின் 15ஆவது பிரிவு. புஷ்ஷுக்கு 18 சதவீதம் என்பதால் 1,620க்கு ரூ. 291.60. பலர் இதை மறந்துவிட்டு, பிற்பாடு கையிலிருந்து கட்டுகிறார்கள். சிலர் கட்டணத்தோடு கலந்து ஒரே தொகையாக எழுதிவிடுகிறார்கள்; அப்போது வாங்குபவருக்குக் கணக்கு ஒத்துவராது.

இத்தனைக்கும் பிறகு நோட்டீஸ் இப்படி உருவானது.

"பொருள்: ஜூன் 3, 2024 பில்லில் நிலுவை, அதற்கான தாமதக் கட்டணம்.

வணக்கம். மேற்கண்ட பில்லின் தொகை ரூ. 73,000. இதில் ஆகஸ்ட் 2 அன்று தாங்கள் அனுப்பிய ரூ. 36,500 கிடைத்தது. நன்றி. அதை முழுவதும் பில் தொகையில் வரவு வைத்துள்ளோம். மீதி ரூ. 36,500.

நம் ஆர்டரின் 7ஆவது நிபந்தனைப்படி 30 நாட்களுக்குப் பிறகு, நிலுவைத் தொகைக்கு ஆண்டுக்கு 18 சதவீதத் தனிவட்டி வீதத்தில் (365 நாள்) தாமதக் கட்டணம் சேரும். பணம் தர வேண்டிய கடைசி நாள் ஜூலை 3. அந்தப் பக்கத்தின் நகல் இணைப்பில் உள்ளது.

ஜூலை 4 முதல் ஆகஸ்ட் 2 வரை 30 நாள், ரூ. 73,000க்கு, நாளுக்கு ரூ. 36 வீதம்: ரூ. 1,080.
ஆகஸ்ட் 3 முதல் செப்டம்பர் 1 வரை 30 நாள், ரூ. 36,500க்கு, நாளுக்கு ரூ. 18 வீதம்: ரூ. 540.
தாமதக் கட்டணம்: ரூ. 1,620. அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி: ரூ. 291.60.
மீதியும் சேர்த்து செப்டம்பர் 1 வரை மொத்தம்: ரூ. 38,411.60.

செப்டம்பர் 2 முதல் பணம் வந்து சேரும் நாள் வரை, நாளுக்கு ரூ. 18உம் அதற்குரிய வரியும் சேரும். செப்டம்பர் 10 அன்று அனுப்பினால் மொத்தம் ரூ. 38,602.76.

இந்தக் கணக்கில் ஏதேனும் தவறு இருந்தாலோ, எங்கள் கணக்கில் ஏறாத தொகை எதையும் தாங்கள் செலுத்தியிருந்தாலோ, செப்டம்பர் 10க்குள் தெரிவிக்க வேண்டுகிறோம். சரிபார்த்துத் திருத்தித் தருகிறோம். ஒரே தடவையில் கட்டுவது சிரமம் என்றால் அதையும் சொல்லுங்கள், பேசி முடிவு செய்யலாம்."

முன்பு இருந்த மூன்று வாக்கியங்களில் எது போயிற்று என்று பாருங்கள். 'உடனே' போய் ஒரு தேதி வந்தது. உடனே என்பது எந்த நாள் என்று யாருக்கும் தெரியாது. செப்டம்பர் 10 எல்லோருக்கும் தெரியும். 'அலட்சியம்' போனது. அவர்கள் மனதில் என்ன இருந்தது என்று நமக்குத் தெரியாது. பணம் வரவில்லை என்பது மட்டுமே தெரியும். 'அபராதம்' போய் ஆர்டரில் உள்ள பெயர் வந்தது. வந்த பணத்துக்கு நன்றி சொன்னது முகத்துதி அல்ல. அது வந்து சேர்ந்தது, இன்னபடி வரவானது என்பதற்கான எழுத்து. கோர்ட், நடவடிக்கை என்ற சொற்களை விட்டதால் உரிமை எதுவும் போய்விடவில்லை. முதல் நோட்டீஸில் கணக்கு, அதற்குப் பதில் வரவில்லை என்றால் இரண்டாவதில் அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்பது. கடைசி ஆயுதத்தை முதல் நாளே காட்டிவிட்டால் அடுத்த நாள் காட்ட ஒன்றும் இருக்காது.

தம்பிக்கு இன்னொரு வழியும் இருந்தது. அவர் உத்யம் பதிவு பெற்ற குறுந்தொழில் நடத்துபவர். 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், குறு, சிறு தொழிலிடம் சரக்கு வாங்கியவர் பேசிய நாளுக்குள், எப்படியும் 45 நாளைத் தாண்டாமல், பணம் தர வேண்டும் என்கிறது. தவறினால் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், ரிசர்வ் வங்கி அறிவித்த வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு, மாதம்தோறும் கூட்டு வட்டி. 2024 செப்டம்பரில் வங்கி விகிதம் 6.75, மூன்று மடங்கு 20.25 சதவீதம். அதைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. ஆனால் ஒப்பந்தக் கட்டணம், சட்ட வட்டி இரண்டையும் ஒரே நாட்களுக்குச் சேர்த்துக் கேட்க முடியாது. எதன்கீழ் கேட்கிறோம் என்று ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அந்தத் தொழிற்சாலையோடு தொடர்ந்து வேலை செய்ய விரும்பினார். இரு தரப்பும் கையெழுத்திட்ட வீதத்தையே எடுத்துக்கொண்டார்.

பதில்

நோட்டீஸை மின்னஞ்சலிலும் நேரிலும் கொடுத்தோம். நேரில் கொடுத்ததன் நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கச் சொல்லியிருந்தேன். மூன்றாம் நாள் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவிலிருந்து பதில் கடிதம் வந்தது. கணக்கைச் சரிபார்த்தோம், ஒத்துப்போகிறது, 10ஆம் தேதி அனுப்புகிறோம் என்று கையெழுத்தோடு எழுதியிருந்தார்கள். அப்படியே அனுப்பினார்கள், 76 பைசா உட்பட.

அந்தப் பதிலின் அருமை பலருக்குத் தெரிவதில்லை. சரக்கு விற்ற பணத்துக்கு வழக்குப் போட மூன்று ஆண்டுதான் காலவரம்பு. நாம் எத்தனை நோட்டீஸ் அனுப்பினாலும் அந்தக் கடிகாரம் நிற்காது. கடன்பட்டவர், அந்த மூன்று ஆண்டு முடியும் முன்பே, 'ஆமாம், தர வேண்டும்' என்று கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்தால்தான், 1963ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவின்படி அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு தொடங்கும். மிரட்டல் நோட்டீஸுக்கு யாரும் அப்படிப் பதில் எழுத மாட்டார்கள். வாயை மூடிக்கொள்வார்கள், அல்லது வக்கீலிடம் போவார்கள். சரிபார்க்கக் கூடிய கணக்குக்குத்தான் 'சரி' என்ற பதில் வரும்.

எல்லா நோட்டீஸுக்கும் இப்படி நடந்துவிடாது. பணமே இல்லாதவரிடம் எவ்வளவு தெளிவான கணக்கும் பணத்தை வரவழைக்காது. நிபந்தனையே அநியாயமாக இருந்தால், அதை அழகாகக் கட்டம் போட்டுக் காட்டுவதால் அது நியாயமாகிவிடாது. 74ஆவது பிரிவு அப்போதும் குறுக்கே நிற்கும். ஆனால் பதில் வராமல் வழக்கு வரை போனாலும், அன்று நீதிபதி முன் வைக்க வேண்டிய கணக்கு ஏற்கெனவே தயாராக இருக்கும், எதிர்த் தரப்பு மாதக்கணக்கில் பார்த்து மறுக்காத கணக்காக.

தொழிற்சாலையின் பணம் வந்த அன்று இரவு அப்பாவின் நோட்டீஸை எடுத்து அதே முறையில் போட்டுப் பார்த்தேன். பாக்கித் தவணை இரண்டு. ஒரு தவணை எவ்வளவு என்று நோட்டீஸில் இல்லை. எந்தத் தேதிக்குக் கட்ட வேண்டியது என்று இல்லை. வீதம் இல்லை. எந்த நிபந்தனை என்று இல்லை. தவணை அட்டை எப்போதோ தொலைந்துவிட்டது. 347ஐயும் ஐம்பது பைசாவையும் எப்படி வகுத்தாலும் எதுவும் பிடிபடவில்லை. மனு எழுதியவர் அன்று சொன்னது சரிதான். அது அனுப்பியவர்களுக்கு மட்டும்தான் தெரியும். அந்தக் காகிதத்தைத் தட்டாஞ்சாவடி நோட்டீஸின் நகலோடு ஒரே கோப்பில் வைத்திருக்கிறேன். புதிதாக வேலை கற்க வருகிற பிள்ளைகளிடம் இரண்டையும் கொடுத்து, தொகையைப் போட்டுப் பார்க்கச் சொல்வேன்.